முதல் பணம் கைக்கு வருமுன்: கசினோ கேட்கும் ஆவணங்களும் தாமதத்தின் காரணங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கசினோ இல்லை. இலங்கையில் உரிமம் பெற்றவை கொழும்பில் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு இணையக் கசினோக்கள் கைத்தொலைபேசி வழியாக எந்த ஒழுங்கைக்குள்ளும் வந்துவிட்டன. காசு போடும்போது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலும் ஒரு வங்கி அட்டையும் போதும். வென்ற காசை முதல் தடவை எடுக்கப் போகும்போதுதான் கடவுச்சீட்டு எங்கே, விலாசத்துக்கு என்ன சான்று, அட்டை யாருடையது என்ற கேள்விகள் வருகின்றன. மகன் திடீரென்று மின்பட்டியலைத் தேடுகிறானே என்று பெற்றோர் யோசிப்பதும் அப்போதுதான். எங்கள் வீடுகளில் உள்ள ஆவணங்கள் எந்த இடத்தில் இடறும், ஏன் இடறும், எது உண்மையான பரிசோதனை, எது மோசடி என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்கக் கீழே பத்துக் குறிப்புகள்.

1. ஏன் கேட்கிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கறுப்புப் பணம் கசினோவுக்குள் போய் ‘வென்ற காசாக’ வெளியே வருவதைத் தடுக்கவே இந்த அடையாளப் பரிசோதனை. பணச் சலவைக்கு எதிரான சர்வதேச நியமங்களை வகுக்கும் நிதி நடவடிக்கைச் செயலணி, 3,000 டொலர் அல்லது யூரோவும் அதற்கு மேலும் உள்ள கொடுக்கல் வாங்கல்களில் கசினோக்கள் வாடிக்கையாளரை அடையாளம் காண வேண்டும் என்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்துக்குள் கசினோக்களும் அடங்கும். இதை மேற்பார்வை செய்வது மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு. ஆகவே ஆவணம் கேட்பது தன்னளவில் ஏமாற்று அல்ல.

கேள்வி, எப்போது கேட்கிறார்கள் என்பதே. பிரித்தானியாவில் 2019 மே 7 முதல், பெயர், விலாசம், பிறந்த திகதி ஆகியவற்றை உறுதிசெய்த பிறகே இணையக் கசினோ ஒருவரை விளையாட விடலாம். முன்னமே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தை, காசு எடுக்கும் நேரத்துக்கென்று வைத்திருந்து கேட்கக்கூடாது என்பதும் அங்குள்ள விதி. லண்டனில் இருக்கும் உங்கள் மருமகனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. கரவெட்டியில் இருந்து வேறொரு நாட்டு உரிமத்தில் இயங்கும் தளத்தில் விளையாடும் தம்பிக்கு அது இல்லை. அந்தத் தளங்களில் பரிசோதனை பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

2. கேட்கப்படுவது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்

பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை மூன்று. நீங்கள் யார் என்பதற்குக் கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை அல்லது சாரதி அனுமதிப்பத்திரம். எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அண்மைய மூன்று மாதத்துக்குள் வந்த பட்டியல் அல்லது வங்கிக் கூற்று. காசு போன வழி உங்களுடையதா என்பதற்கு வங்கி அட்டையின் படம் அல்லது கணக்குக் கூற்று. இவற்றோடு அடையாள ஆவணத்தைக் கையில் பிடித்தபடி எடுத்த சுயபடமும் கேட்கப்படலாம். தொகை பெரிதானால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று நான்காவது கேள்வியும் வரும்.

தாமதங்களில் பெரும்பகுதி ஆவணம் இல்லாததால் வருவதில்லை. இந்த மூன்று ஆவணங்களும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருகின்றன. இனி வரும் குறிப்புகள் அந்தப் பொருத்தத்தைப் பற்றியவை.

3. வெளிநாட்டவர் வாசிக்கக்கூடிய ஆவணத்தைக் கொடுங்கள்

பழைய லமினேற் அடையாள அட்டையில் விபரங்கள் கையெழுத்தில், ஆங்கிலம் இல்லாமல் இருக்கும். அதைப் பரிசோதிப்பவர் மோல்டாவிலோ குராசோவிலோ இருக்கலாம். பல இடங்களில் முதலில் வாசிப்பது ஒரு கணினி. அது எழுத்தை அடையாளம் காணாமல் ‘தெளிவில்லை’ என்று திருப்பிவிடும். நீங்கள் படம் சரியில்லை என்று நினைத்து அதையே நான்கு தரம் எடுத்து அனுப்புவீர்கள். பிழை படத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது.

இதற்குக் கடவுச்சீட்டே எளிது. படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகளாக எழுத்தும் இலக்கமும் அம்புக்குறிகளும் நெருக்கமாக அச்சாகியிருக்கும். கணினி வாசிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான். அவை வெட்டுப்பட்டால் முழுப் பக்கமும் தெளிவாக இருந்தும் பயனில்லை. காலாவதியான கடவுச்சீட்டு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஏற்கப்படாது.

4. பெயரை ஆவணத்தில் உள்ளபடியே பதியுங்கள்

எங்கள் ஆட்களுக்கு அதிகம் இடறுவது இந்த இடம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். மேற்கு நாட்டுப் படிவமோ முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைக்கிறது.

உதாரணத்துக்குச் செல்வராசாவின் மகன் கஜன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் அவர் Selvarajah Kajan. வங்கிக் கணக்கு பாடசாலைக் காலத்தில் திறந்தது; அதில் S. Kajan. வங்கி அட்டையில் KAJAN S. கசினோவில் பதிந்தபோது முகநூலில் உள்ளதுபோல் Kajan Selva என்று போட்டுவிட்டார். ஊரில் இவை நான்கும் ஒருவரே என்று யாருக்கும் தெரியும். பரிசோதிப்பவருக்கு இவர்கள் நான்கு பேர். தகப்பன் பெயரை ஓர் இடத்தில் Selvarajah என்றும் இன்னோர் இடத்தில் Selvarasa என்றும் எழுதியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

பதியும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களை ஒன்றும் விடாமல் அப்படியே இடுவதே வழி. வங்கியில் முதலெழுத்து மட்டும் இருந்தால், முழுப்பெயரையும் கணக்கு இலக்கத்தையும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றைக் கிளையில் கேட்டுப் பெறலாம். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களானால் விவாகச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி தேவைப்படும். தமிழில் உள்ள சான்றிதழை வீட்டில் யாராவது மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்; சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும்.

5. பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம் மாறியதா என்று பாருங்கள்

கஜன் பிறந்தது 1996 மார்ச் 5 என்று வைப்போம். நாங்கள் 05/03/1996 என்று எழுதுவோம். அமெரிக்க முறையில் அமைந்த படிவத்தில் அது மே 3 ஆகிவிடும். கணக்கு ஒருமுறை பதிவான பிறகு பிறந்த திகதியைத் தாமாக மாற்ற முடியாது. ஆதரவுப் பிரிவுக்கு எழுதித்தான் திருத்த வேண்டும்.

எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருப்பதும் பலருக்குத் தெரியாது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. கஜனுடையது 96065 என்று தொடங்கும். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 96565. 2016இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுமையாக வரும். ஆகவே பதிந்த திகதியையும் அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பிழையை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். ஓர் ஆவணத்தில் பழைய இலக்கமும் இன்னொன்றில் புதிய இலக்கமும் இருந்தால், இரண்டும் ஒருவருடையவை என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்புங்கள்.

6. விலாசச் சான்று யாருடைய பெயரில் இருக்கிறது?

வெளிநாட்டு நிறுவனம் மின்சாரம், நீர், எரிவாயு ஆகியவற்றின் பட்டியலைக் கேட்கும். குடாநாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு நீர் வருவது வளவுக் கிணற்றிலிருந்து. பட்டியல் என்ற பேச்சே இல்லை. எரிவாயுவைச் சிலிண்டரில் வாங்குகிறோம். மிச்சம் மின்பட்டியல் மட்டும். அது பெரும்பாலும் அம்மப்பா பெயரிலோ, கனடாவிலிருக்கும் காணிக்காரர் பெயரிலோ இருக்கும். மகன் அதைப் படம் பிடித்து அனுப்பினால் பெயர் பொருந்தாமல் திரும்பிவரும்.

இங்கே கைகொடுப்பது வங்கிக் கூற்று. முழுப்பெயர், விலாசம், வங்கியின் பெயர், மூன்று மாதத்துக்குட்பட்ட திகதி ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் தெரியவேண்டும். கைத்தொலைபேசித் திரையைப் பிடித்த படம் பெரும்பாலும் மறுக்கப்படும். வங்கி தரும் முழு ஆவணமாக இருக்க வேண்டும். கிராம அலுவலர் தந்து பிரதேச செயலகத்தில் மேலொப்பமான வதிவுச் சான்றிதழும் சில இடங்களில் ஏற்கப்படுகிறது. அனுப்புமுன் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

விலாசத்திலும் எங்களுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் அடையாள அட்டையில் ஒரு விலாசம், வங்கியில் இன்னொன்று, இருப்பது வேறோரிடம் என்று இருக்கலாம். வீட்டிலக்கம் இல்லாத ஒழுங்கைகளும் பல. ‘கோவிலடி, அளவெட்டி’ என்பது தபாற்காரருக்குப் போதும், படிவத்துக்குப் போதாது. வங்கியில் உள்ள விலாசத்தை முதலில் புதுப்பித்து, அதே எழுத்துக்கூட்டலில் கசினோக் கணக்கிலும் பதிவதுதான் ஒழுங்கு.

7. அண்ணாவின் அட்டையில் காசு போடாதீர்கள்

ரொறன்ரோவில் உள்ள அண்ணாவின் அட்டையிலோ, நண்பரின் மின்பணப் பையிலோ காசு போட்டால் அது மூன்றாமவர் பணம். போடும்போது எந்தத் தடையும் இராது. எடுக்கும்போது அட்டைக்காரரின் பெயரும் கணக்குக்காரரின் பெயரும் பொருந்தாமல் வென்ற தொகை முழுவதும் முடக்கப்படலாம். காசு எந்த வழியில் போனதோ அதே வழியில், அதே ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பதே பொதுவான விதி. அண்ணா பின்னர் ‘நான்தான் கொடுத்தேன்’ என்று எழுதிக் கொடுப்பதால் இது தீர்வதில்லை.

ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வேறுவேறு கணக்கு வைத்து, இருவரும் வரவேற்புச் சலுகையை எடுத்திருந்தாலும் இதே நிலைதான். ஒரே இணைய இணைப்பு, ஒரே விலாசம் என்பதால் ஒருவரே இரண்டு கணக்கு திறந்ததாகக் கொள்வார்கள். நாட்டை மறைக்க விபிஎன் போட்டு விளையாடியவர் யாழ்ப்பாண விலாசச் சான்றை அனுப்பும்போது தன் கையாலேயே விதி மீறலை நிரூபிக்கிறார். இதில் ஆவணம் எவ்வளவு சரியாக இருந்தும் பணம் வராது.

அட்டையைப் படம் பிடிக்கும்போது முதல் ஆறு இலக்கமும் கடைசி நான்கும் மட்டும் தெரியட்டும். நடு இலக்கங்களைக் கடதாசித் துண்டால் மூடுங்கள். பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கத்தை எவருக்கும் காட்டவே கூடாது. உண்மையான நிறுவனம் அதைக் கேட்காது. காசின் மூலத்தைக் கேட்டால் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கூற்று, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியதற்கான வங்கிச் சீட்டு ஆகியவை போதும். உண்டியல் வழியாக வந்த காசுக்குச் சீட்டு இல்லை. அதனால் அதற்குச் சான்றும் இல்லை.

8. படம் எடுப்பதில் செய்யும் பிழைகள்

ஆவணத்தைக் கரும்பலகை போன்ற ஒரே நிறத் தளத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் எடுங்கள். மின்குமிழின் கீழ் எடுத்தால் பளபளப்பு விழுந்து எழுத்து மறையும். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். அழகாக்குவதற்காக ஓரம் வெட்டுவதோ நிறம் திருத்துவதோ வேண்டாம். திருத்திய கோப்பு என்று கணினி கண்டால் போலி ஆவணமாகவே கருதும். வட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படம் தரம் குறைந்திருக்கும். எடுத்த கைத்தொலைபேசியிலிருந்தே நேரே பதிவேற்றுங்கள். சுயபடத்தில் உங்கள் விரல் பிறந்த திகதியையோ இலக்கத்தையோ மறைக்காமல் இருக்கட்டும்.

9. நாட்கள் எப்படிக் கூடுகின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

பல நிறுவனங்கள் ஆவணப் பரிசோதனைக்கு ஒன்று முதல் மூன்று வேலைநாள் என்று விதியில் எழுதியிருக்கும். நமது உதாரணக் கஜன் வெள்ளி மாலை பணம் கேட்கிறார். சனி, ஞாயிறு கழிகிறது. புதன்கிழமை பழைய அடையாள அட்டை வாசிக்க முடியவில்லை என்று பதில். அன்றே கடவுச்சீட்டை அனுப்புகிறார். அடுத்த திங்கள், பெயர் கணக்கோடு பொருந்தவில்லை என்று பதில். பெயரைத் திருத்த எழுதுகிறார். வியாழன், மின்பட்டியல் தாத்தா பெயரில் இருக்கிறது என்று பதில். வங்கிக் கூற்று எடுத்து அனுப்ப இன்னும் ஒரு வாரம். ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. எவரும் வேண்டுமென்று இழுக்காமலே மூன்று வாரம் போய்விட்டது. எல்லா ஆவணங்களையும் முதல் நாளே ஒன்றாக, பொருத்தமாக அனுப்பியிருந்தால் இது ஒரே சுற்று.

சலுகைப் பணம் எடுத்திருந்தால் இன்னொரு தடை உண்டு. சலுகை 10,000 ரூபா, பந்தய நிபந்தனை 35 மடங்கு என்றால், 350,000 ரூபாவுக்குப் பந்தயம் வைத்து முடித்த பிறகே எடுக்கலாம். இது ஆவணத் தாமதம் அல்ல, நிபந்தனை. பதில் கடிதத்தில் எது சொல்லப்படுகிறது என்று பிரித்துப் படியுங்கள்.

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. Pending என்று காட்டும் தொகையின் அருகே அதைத் திரும்ப எடுத்து விளையாடும் பொத்தானைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. வென்ற காசு அந்த வாரத்திலேயே திரும்பப் போய்விடலாம். பிரித்தானியாவில் 2021 அக்டோபர் 31 முதல் இந்த வசதி இணையக் கசினோக்களுக்குத் தடை. எங்கள் பக்கத்தில் அந்தத் தடை இல்லாததால் வீட்டார்தான் காவல். பணம் கேட்ட அன்றே, அது வங்கிக்கு வரும்வரை அந்தச் செயலியைத் திறப்பதில்லை என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

10. காசு எடுக்கக் காசு கேட்டால் அது மோசடி

இது எல்லாக் குறிப்பிலும் முக்கியம். ‘உங்கள் 800,000 ரூபா தயார், உறுதிப்படுத்தல் கட்டணமாக 40,000 போடுங்கள்’, ‘வரியை முன்கூட்டியே கட்டுங்கள்’, ‘கணக்கின் தரத்தை உயர்த்தினால் உடனே விடுவிப்போம்’ என்று வந்தால், அங்கே 800,000 ரூபா இல்லை. திரையில் இருப்பது வெறும் எழுத்து. கட்டணம் இருந்தால் வென்ற தொகையிலிருந்து கழித்துவிட்டுத் தரலாமே என்று கேட்டுப் பாருங்கள், மறுப்பார்கள். 40,000 கட்டியவரிடம் அடுத்து 75,000 கேட்பார்கள். தளத்துக்குள் அல்லாமல் டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ ஆவணம் கேட்பது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தனியாரின் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்வது, வங்கியிலிருந்து வரும் ஒருதடவைக் குறியீட்டைக் கேட்பது ஆகியனவும் அதே மோசடியின் அடையாளங்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் கடவுச்சீட்டும் முகப்படமும் போயிருந்தால் இழப்பு காசோடு நிற்காது. அந்த ஆவணங்களால் வேறிடங்களில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்க முயலலாம். உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள். உரையாடல்களையும் பணம் போட்ட சீட்டுக்களையும் அழிக்காமல் வைத்து, பொலிஸிலும், 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியிடமும் முறையிடுங்கள். ‘உன் கணக்குக்கு வரும் காசை எடுத்துத் தா, பங்கு தருகிறோம்’ என்று கேட்பவருக்குக் கணக்கைக் கொடுத்த பிள்ளை, பணச் சலவை விசாரணையில் சந்தேக நபராக நிற்க நேரும். இலங்கையில் 10 லட்சம் ரூபாவும் அதற்கு மேலும் உள்ள காசுக் கொடுக்கல் வாங்கல்களையும் மின்னணுப் பணமாற்றங்களையும் வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கையிடுகின்றன. சிறிய தொகையானாலும் சந்தேகம் எழுந்தால் அறிக்கையிடுவார்கள்.

2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனாலும் வெளிநாட்டு உரிமத்தில் இயங்கும் தளத்தோடு வரும் பிணக்குக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிப் போய்ப் பேச ஒரு படி கூட இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது இதில் இறங்கியிருந்தால், கோபிக்காமல் அருகில் இருந்து ஒரு காரியம் செய்யுங்கள். கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று, வங்கி அட்டை மூன்றையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பெயரையும் விலாசத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் அந்தத் தளத்தில் இன்னொரு ரூபாவும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்ட காசை எப்படி எடுப்பது என்று தெரியாத இடத்தில் காசு போடவே கூடாது.